ஈ.பி.யோடு தகராறு: மன்றமா, ஆணையமா, டெல்லியா, உயர் நீதிமன்றமா?

மின்கட்டணத் தகராறு என்று வந்துவிட்டால் சேலத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "நேரா கமிஷனுக்கே எழுதிப் போடுங்க, அவங்கதான ரேட்டு போடறாங்க" என்பார் ஒருவர். "குறைதீர் மன்றம்னு ஒண்ணு இருக்கு, காசே செலவில்ல" என்பார் இன்னொருவர். கோர்ட் பழக்கம் உள்ளவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடச் சொல்வார். கொலுசுப் பட்டறை, விசைத்தறி, சேகோ ஆலை என்று பலரும் இதே கேள்வியோடு வருவதால் எல்லா வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். யாரும் பொய் சொல்லவில்லை; மூவர் சொல்வதும் ஏதோ ஒரு வழக்குக்குப் பொருந்தும். உங்கள் வழக்கு அதுதானா என்பதுதான் கேள்வி.

## குழப்பம் எங்கே தொடங்குகிறது

'கமிஷன்' என்று சொல்லப்படும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 1999-இல் வந்தது. தலைவரையும் சேர்த்து அதிகம் போனால் மூன்று பேர். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் இந்த மூன்று பேரிடம் மூன்று விதமான வேலைகளைக் கொடுத்திருக்கிறது.

முதலாவது, விதி எழுதுவது. மின் இணைப்பு எப்படிக் கொடுக்க வேண்டும், பாக்கி எப்படி வசூலிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லும் மின் வழங்கல் தொகுப்பு 2004-இல் இப்படி வந்ததுதான். சட்டத்தின் 181-வது பிரிவின் கீழ் எழுதப்படும் இந்த ஒழுங்குமுறை விதிகள் சட்டமன்றத்தின் முன் வைக்கப்படும். கிட்டத்தட்டச் சட்டம் மாதிரியே நடக்கும்.

இரண்டாவது, கட்டணம் நிர்ணயிப்பது. இது பார்வைக்கு விதி போலத்தான் இருக்கும். ஏனென்றால் மாநிலத்தில் உள்ள எல்லோரையும் தொடுகிறது. ஆனால் பிறக்கும் விதம் வழக்கு மாதிரி. மின் வாரியம் மனுப் போட வேண்டும், சுருக்கத்தை வெளியிட வேண்டும், பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்டு, மனு வந்த 120 நாளுக்குள் ஆணையம் உத்தரவு போட வேண்டும். அதனால்தான் கட்டண உத்தரவுக்கு மேல்முறையீடு உண்டு, ஒழுங்குமுறை விதிக்குக் கிடையாது.

மூன்றாவது, தீர்ப்பு சொல்வது. மின் உற்பத்தி நிறுவனங்களுக்கும் விநியோக உரிமதாரருக்கும் இடையே வரும் தகராறை 86-வது பிரிவின் கீழ் ஆணையமே விசாரிக்கும். விதியை மீறியவருக்கு 142-வது பிரிவின் கீழ் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு ஆறாயிரம் வரை கூடுதலாகவும் போடலாம். ஊர்க் கட்டுப்பாட்டை எழுதுகிறவர்களே பஞ்சாயத்திலும் உட்கார்ந்து தண்டம் போடுவது மாதிரிதான்.

எல்லாத் துறையிலும் இப்படி இல்லை. தொலைத்தொடர்பில் 1997-இல் வந்த டிராய் என்ற ஒழுங்குமுறை அமைப்புக்கு முதலில் தகராறு தீர்க்கும் வேலையும் இருந்தது. 2000-இல் அதைப் பிரித்து டி.டி.சாட் என்ற தனித் தீர்ப்பாயத்திடம் கொடுத்துவிட்டார்கள். இன்று டிராய் விதி எழுதும், தீர்ப்புச் சொல்லாது. பங்குச்சந்தையில் நேர்மாறு: செபி விதி எழுதும், விசாரணை நடத்தும், அபராதமும் போடும், அதன்மேல் மேல்முறையீட்டுக்கு சாட் என்ற தீர்ப்பாயம் இருக்கிறது. மின்சாரம் இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பெரிய கம்பெனிகளின் தகராறை ஆணையமே தீர்க்கும். உங்களையும் என்னையும் போன்ற தனி நுகர்வோரின் தகராறை மட்டும் சட்டம் வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டது. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலரும் முதல் மனுவையே தவறான இடத்தில் கொடுக்கிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு கேள்விகள் போதும்.

முதல் கேள்விதான் முக்கால்வாசி. உங்களைக் கடிப்பது எது: விதியா, கட்டண உத்தரவா, அல்லது அவற்றை உங்கள் சர்வீஸ் நம்பருக்குப் பொருத்திய விதமா? இரண்டாவது, கெடு எத்தனை நாள். மூன்றாவது, வழக்கு நடக்கும்போது கையிலிருந்து எவ்வளவு பணம் கட்ட வேண்டும், இணைப்பைத் துண்டித்துவிடுவார்களா. நான்காவது, ஜெயித்தால் என்ன கிடைக்கும்: உங்கள் ஒரு பில் மட்டும் திருந்துமா, ஊரிலுள்ள எல்லாப் பட்டறைக்கும் மாறுமா.

## ஒரு நோட்டீஸை எடுத்துக்கொள்வோம்

சிவதாபுரம் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். மின்பளு 6 கிலோவாட். கம்பி இழுக்கும் மெஷின், பாலிஷ் போடும் மெஷின், நான்கைந்து ஆட்கள். பில்லில் III-A(1) என்று இருக்கிறது. குடிசை மற்றும் குறுந்தொழில்களுக்கான வீதப்பட்டி, அதாவது கட்டண வகை, 12 கிலோவாட்டுக்குள் இருப்பவர்களுக்கு. ஒருநாள் ஆய்வுக்கு வந்தவர் முன் அறையில் கண்ணாடி அலமாரியில் செய்து முடித்த கொலுசுகளைப் பார்த்துவிட்டு 'விற்பனை நடக்கிறது' என்று எழுதிவிடுகிறார். பிறகு ஆடிட்டில் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். இனி வணிக வீதப்பட்டி, பழைய இரண்டு வருட வித்தியாசத்தையும் கட்டு என்று நோட்டீஸ் வருகிறது.

கணக்குக்காக ஒரு அளவு எடுத்துக்கொள்வோம். இரண்டு மாத பில்லுக்கு 2,000 யூனிட், இரு வீதப்பட்டிக்கும் யூனிட்டுக்கு நான்கு ரூபாய் வித்தியாசம் என்றால் ஒரு பில்லுக்கு 8,000. இரண்டு வருடத்தில் 12 பில். ஆக 96,000 ரூபாய். கட்டாவிட்டால் 15 நாளில் துண்டிப்பு என்று கடைசி வரி.

இந்த ஒரே நோட்டீஸை மூன்று விதமாக எதிர்க்கலாம். "நான் விற்பனை செய்யவில்லை, கூலிக்கு வேலை செய்கிறேன்" என்பது ஒன்று. "கூலிக்குச் செய்யும் பட்டறையை எந்த வீதப்பட்டியில் வைப்பது என்பதைக் கட்டண உத்தரவிலேயே சரியாக எழுதவில்லை" என்பது இன்னொன்று. "ஆடிட் சொன்னதற்காகப் பழைய பாக்கியை வசூலிக்கலாம் என்கிற விதியே செல்லாது" என்பது மூன்றாவது. மூன்றும் கேட்க ஒரே புலம்பலாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றையும் கேட்க அதிகாரம் உள்ளவர் வேறு வேறு ஆள்.

## வழி 1: குறைதீர் மன்றம், பிறகு மின் குறைதீர்ப்பாளர்

ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்துக்கும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் ஒன்று உண்டு. சட்டத்தின் 42-வது பிரிவு, ஐந்தாவது உட்பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. நம்மூரில் அதன் தலைவர் அந்த வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர். வெளியிலிருந்தும் உறுப்பினர்கள் உண்டு. மன்றத்தின் உத்தரவு பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் மின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அவரை நியமிப்பது ஆணையம், வாரியம் அல்ல.

நம் பட்டறைக்காரரின் முதல் வாதத்துக்கு இதுதான் சரியான இடம். இங்கே கேட்கப்போவது ஒரே விஷயம்: கட்டண உத்தரவில் எழுதியிருப்பதை இந்தப் பட்டறைக்குச் சரியாகப் பொருத்தினார்களா? அதற்குச் சட்ட நுணுக்கத்தைவிடக் காகிதம்தான் பேசும். சேலத்து வெள்ளித் தொழிலில் பாதி வேலை வியாபாரி கொடுக்கும் வெள்ளியில் கூலிக்கு நடப்பதுதான். அந்தக் கூலி நோட்டு, வியாபாரி எடை போட்டுக் கொடுத்த சீட்டுகள், உத்யம் பதிவு, ஜி.எஸ்.டி. இருந்தால் கூலி பில்கள், அலமாரியில் இருந்தது யாருடைய சரக்கு என்று வியாபாரி எழுதிக் கொடுத்த கடிதம் என்று வரிசையாக அடுக்கி வையுங்கள். 'விற்பனை' என்று எழுதிய ஆய்வுக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும். யாருக்கு விற்றார், என்ன விலைக்கு என்று ஒன்றும் இருக்காது.

இந்த வழியின் மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று, தலைவர் ஸ்தானத்தில் இருப்பவர் வாரியத்தின் அதிகாரி. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் ஆடிட் பிரிவு எழுதிய பாக்கியைத் தன் கையெழுத்தில் ரத்து செய்ய எந்த அதிகாரியும் யோசிப்பார். அதனால் மன்றத்தில் தோற்பதை அதிர்ச்சியாக எடுத்துக்கொள்ளாமல், குறைதீர்ப்பாளர் படிக்கப்போகும் ஆவணத்தைத் தயார் செய்யும் இடமாக நினைத்துக்கொள்ளுங்கள். மன்றத்தில் வைக்காத காகிதத்தை மேலே போய் வைக்கும்போது நம்பிக்கை குறையும். குறைதீர்ப்பாளரின் பழைய உத்தரவுகள் ஆணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. உங்கள் வீதப்பட்டிபற்றிய இரண்டு மூன்றைப் படித்துவிட்டு மனு எழுதுவது, வக்கீல் வைப்பதைவிடப் பலன் தரும் என்பது என் கருத்து.

இரண்டாவது செலவு, இவர்கள் யாரும் விதியையோ கட்டண உத்தரவையோ தொட முடியாது. "இந்த ரேட்டே அநியாயம்" என்று பத்துப் பக்கம் எழுதினாலும் அதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அந்தப் பத்துப் பக்கத்துக்கு நடுவில் கூலி நோட்டு மறைந்துபோகும்.

## வழி 2: நேராக ஆணையம்

தனி ஒருவரின் பில் தகராறை ஆணையம் விசாரிக்காது. மகாராஷ்டிர ஆணையத்துக்கும் ரிலையன்ஸ் எனர்ஜிக்கும் நடந்த வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தனி நுகர்வோர் மன்றத்துக்கும் குறைதீர்ப்பாளருக்கும் போக வேண்டும். உரிமதாரர்கள் விதிப்படி நடக்கிறார்களா என்று ஆணையம் பொதுவான உத்தரவு போடலாம், அவ்வளவுதான். ஆக, நம் பட்டறைக்காரர் 96,000 ரூபாயை ரத்து செய்யச் சொல்லிச் சென்னைக்கு எழுதினால், பதில் வந்தால் அது 'உங்கள் வட்ட மன்றத்தை அணுகவும்' என்றுதான் இருக்கும். அதற்குள் 15 நாள் போயிருக்கும்.

ஆனால் இரண்டாவது வாதத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. 'கூலிக்கு வேலை செய்யும் வெள்ளிப் பட்டறை எந்த வீதப்பட்டி' என்று தொழில் சங்கம் ஒன்று கேட்டு, அடுத்த கட்டண உத்தரவில் ஒரு வரி சேர்ந்துவிட்டால், ஆய்வுக்கு வருபவர் கண்ணாடி அலமாரியைப் பார்த்து எதுவும் எழுத முடியாது. ஒரு பட்டறை ஜெயிப்பது வேறு, ஊர் முழுவதும் ஜெயிப்பது வேறு.

இதற்குச் சரியான நேரம் கட்டண மனு விசாரணையில் இருக்கும் காலம். 2022-இல் வாரியம் கட்டண உயர்வு கேட்டபோது ஆகஸ்ட் மாதம் கோவை, மதுரை, சென்னையில் பொது விசாரணை நடந்தது. சேலத்துக்குப் பக்கம் கோவைதான். நேரில் போக முடியாதவர்கள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். அதைப் பெற்றுக்கொண்டு கணக்கில் எடுத்தேன் என்று ஆணையம் உத்தரவில் காட்ட வேண்டும். செப்டம்பர் 9-ஆம் தேதி வந்த அந்த உத்தரவு ஒரு வருடத்துக்கானது அல்ல, பல ஆண்டுகளுக்கானது. ஒவ்வொரு ஜூலையிலும் நுகர்வோர் விலைக் குறியீட்டின் உயர்வு அல்லது 6 சதவீதம், எது குறைவோ அந்த அளவு கட்டணம் ஏறும் என்று அதிலேயே எழுதிவிட்டார்கள். அப்படித்தான் 2023-இல் 2.18 சதவீதமும், 2024-இல் 4.83 சதவீதமும் ஏறின. "எங்களைக் கேட்காமலே ஏத்திட்டாங்க" என்று ஜூலையில் கோபப்பட்டவர்கள் கேட்க வேண்டிய நேரம் 2022 ஆகஸ்ட்.

விதித் திருத்தங்களும் இப்படித்தான். ஒழுங்குமுறை விதிகளை முன்கூட்டியே வரைவாக வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். அந்த வாசல் திறந்திருக்கும் சில வாரங்களில் ஒரு பக்கக் கடிதம் செய்யும் வேலையைப் பிறகு பெரிய வழக்கும் செய்யாது. சங்கங்களில் யாராவது ஒருவர் ஆணையத்தின் இணையதளத்தை மாதம் ஒருமுறையாவது பார்க்கலாம். செய்வதில்லை.

மறைமுகச் செலவு? கட்டணம் எழுதுகிறவரிடமே கட்டணம் தவறு என்கிறோம். கேட்கிறவர்களில் சட்டம் படித்தவர் ஒருவராவது இருக்க வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. தீர்ப்புச் சொல்லும் வேலையும் இருப்பதால் ஆணையத்தில் சட்டத் துறையைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று குஜராத் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இது நம் மாநிலத்தில் எப்படி வெடித்தது என்று நான்காவது வழியில் பார்ப்போம்.

## வழி 3: டெல்லி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்

ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து 111-வது பிரிவின் கீழ் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கெடு 45 நாள். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம். அதற்கு மேலே உச்ச நீதிமன்றம், ஆனால் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டும்.

2022 கட்டண உத்தரவு செப்டம்பர் 9 தேதியிட்டது. அன்றிலிருந்து எண்ணினால் 45-வது நாள் அக்டோபர் 24, அந்த வருடத் தீபாவளி. பட்டறைகளில் கொலுசு ஆர்டர் குவிந்து யாரும் தலை நிமிராத நாட்களில்தான் அந்தக் கெடு ஓடி முடிந்தது.

இந்த வழி சங்கங்களுக்கும் பெரிய ஆலைகளுக்கும் உரியது. நுழைவுக் கட்டணமும் டெல்லி வக்கீலும் சேர்ந்தால் 96,000 ரூபாய் தகராறுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் ஒரு தொழில் முழுவதுக்கும் வீதப்பட்டி தவறாக வந்திருக்கிறது, ஆட்சேபம் சொல்லியும் காரணம் காட்டாமல் தள்ளிவிட்டார்கள் என்றால் இதுதான் நேரான பாதை. மின்சாரக் கணக்கு தெரிந்த தொழில்நுட்ப உறுப்பினர் உட்கார்ந்திருக்கும் ஒரே மேல்முறையீட்டு இடம் இது.

இதன் எல்லையைத் தெரிந்துகொள்ளாமல் பல பெரிய நிறுவனங்களே முட்டிக்கொண்டன. 2010-இல் பி.டி.சி. இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது இது: ஆணையம் எழுதும் ஒழுங்குமுறை விதி என்பது சட்டத்தின் கீழ் பிறந்த இன்னொரு சட்டம், அது செல்லுமா செல்லாதா என்று தீர்ப்பாயம் பார்க்க முடியாது, உயர் நீதிமன்றம்தான் பார்க்க முடியும். 2013-இல் பி.எஸ்.என்.எல். வழக்கில் டிராய் விதிகளுக்கும் இதே நிலை என்றார்கள். எனவே உத்தரவு தவறு என்றால் டெல்லி. அந்த உத்தரவு ஒரு விதியை அப்படியே பின்பற்றியிருக்கிறது, தவறு அந்த விதியில்தான் என்றால் டெல்லி போய்ப் பயனில்லை.

## வழி 4: உயர் நீதிமன்றம்

சேலம் மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றம் சென்னைதான், மதுரைக் கிளை அல்ல. நம் பட்டறைக்காரரின் மூன்றாவது வாதத்துக்கு, அதாவது விதியே செல்லாது என்பதற்கு, இது ஒன்றுதான் வாசல். நோட்டீஸே கொடுக்காமல் பியூஸைப் பிடுங்கிவிட்டார்கள், பதில் சொல்ல வாய்ப்பே தரவில்லை, உத்தரவு போட்டவருக்கு அந்த அதிகாரமே இல்லை என்றாலும் போகலாம்.

மற்றபடி, "கூலிக்குத்தான் செய்கிறேன்" என்ற வாதத்தோடு ரிட் போட்டால் நீதிபதி முதலில் கேட்பது, மன்றத்துக்குப் போனீர்களா என்பதுதான். அங்கே போகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இடைக்காலத் தடை கிடைத்தாலும் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி நிபந்தனை வருவது வழக்கம். ஆறு மாதம் கழித்து, வக்கீல் பீஸும் கொடுத்து, மறுபடி சேலம் வட்ட அலுவலகத்துப் படியேற வேண்டும்.

ஆணையத்தின் அமைப்பையே கேள்வி கேட்பதற்கும் இதுதான் இடம். 2022-இல் சட்ட உறுப்பினர் பதவி காலியாக இருந்த நிலையில் கட்டண விசாரணை நடக்கிறது என்று நூற்பாலைகள் சங்கம் மதுரைக் கிளைக்குப் போனது. அந்த உறுப்பினர் வரும்வரை இறுதி உத்தரவு போடக்கூடாது என்றார் தனி நீதிபதி. வாரியத்தின் மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு செப்டம்பர் தொடக்கத்தில் அதை ரத்து செய்தது. ஒரு வாரம் கழித்துக் கட்டண உத்தரவு வந்துவிட்டது. அந்த வாதத்தில் சாரம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. எழுதுவதும் தீர்ப்பதும் ஒரே மூன்று பேர் என்னும்போது அதில் ஒரு நாற்காலி காலியாக இருப்பது சின்ன விஷயம் அல்ல. ஆனால் பில்லைக் குறைக்க வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால் இந்த வாதத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

## பக்கத்தில் பக்கத்தில்

| | மன்றம், குறைதீர்ப்பாளர் | ஆணையம் | டெல்லி தீர்ப்பாயம் | உயர் நீதிமன்றம் |
|---|---|---|---|---|
| எதை மாற்றலாம் | உங்கள் பில்லை | அடுத்த கட்டண உத்தரவை, விதியை | வந்துவிட்ட கட்டண உத்தரவை | விதியையே. அதிகாரம் மீறிய உத்தரவை |
| கெடு | மன்ற உத்தரவிலிருந்து 30 நாளில் குறைதீர்ப்பாளர் | ஆட்சேபம் கேட்கும் காலம் | 45 நாள் | நிலையான கெடு இல்லை. தாமதித்தால் பலவீனம் |
| யார் போகலாம் | தனி ஆள், வக்கீல் இல்லாமலே | சங்கம் போவது நல்லது. தனி ஆளும் எழுதலாம் | சங்கம், பெரிய ஆலை | யாரும். வக்கீல் தேவை |
| மறைமுகச் செலவு | தலைவர் வாரிய அதிகாரி | உங்கள் பழைய பாக்கி அப்படியே நிற்கும் | கட்டணம், டெல்லிப் பயணம் | திருப்பி அனுப்பப்படும் ஆபத்து |

## துண்டிப்பைத் தள்ளிப்போடுவது

எந்த வழியில் போனாலும் முதலில் கரண்ட் இருக்க வேண்டும். இதைப் பற்றி 56-வது பிரிவில் ஒரு நல்ல வாக்கியம் இருக்கிறது, யாரும் அதைப் படிப்பதில்லை. துண்டிக்கும் முன் எழுத்தில் 15 முழு நாள் நோட்டீஸ் தர வேண்டும். அதற்குள், ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்று சொல்லி, கேட்ட முழுத் தொகை அல்லது கடந்த ஆறு மாதச் சராசரிப்படி மாதாமாதம் வரும் தொகை, இதில் எது குறைவோ அதைக் கட்டினால், தகராறு முடியும்வரை துண்டிக்கக் கூடாது.

நம் பட்டறைக்காரர் பில்லுக்கு 12,000 கட்டி வந்தவர் என்றால், 96,000-ஐத் தூக்கிக் கொடுக்காமல் அந்தச் சராசரியையே தொடர்ந்து கட்டிக்கொண்டு மன்றத்துக்குப் போகலாம். பிரிவு அலுவலகக் கவுண்டரில் "பாக்கியோட சேர்த்துத்தான் கட்ட முடியும், சிஸ்டம் வாங்காது" என்று சொல்லலாம். அப்போது சண்டை போடாமல், 56-வது பிரிவைக் குறிப்பிட்டு உதவிப் பொறியாளர் பெயருக்கு ஒரு கடிதம் எழுதி, நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே பிரிவில் பழைய பாக்கியை வசூலிக்க இரண்டு வருடக் கெடு ஒன்றும் உண்டு. அதைப் பெரிதாக நம்ப வேண்டாம். ராஜஸ்தானில் நம் உதாரணம் போலவே தவறான வீதப்பட்டியில் பில் போட்டு, ஆடிட்டில் கண்டுபிடித்து, பல வருடம் கழித்துக் கேட்டார்கள். உண்மையான தவறு என்றால் பாக்கியைப் பிறகும் கேட்கலாம். ஆனால் இரண்டு வருடம் தாண்டிய அந்தப் பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம், 2020-இல். "ரெண்டு வருசம் தாண்டிருச்சு, செல்லாது" என்பதை மட்டும் மனுவில் வைத்துவிட்டு வீதப்பட்டி வாதத்தைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

## நோட்டீஸில் 126 என்று இருந்தால்

மேலே சொன்ன அத்தனையும், நோட்டீஸ் சாதாரண வித்தியாசத் தொகையாக இருந்தால்தான். 'அனுமதிக்கப்படாத பயன்பாடு' என்று 126-வது பிரிவில் போட்டிருந்தால் பாதையே வேறு. தொகை சம்பந்தப்பட்ட கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு. எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் ஆய்வுக்கு முந்தைய 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். முதலில் தற்காலிக உத்தரவு வரும். ஆட்சேபம் கொடுத்து நேரில் விளக்கலாம். 30 நாளுக்குள் இறுதி உத்தரவு. அதன்மேல் 127-வது பிரிவில் மேல்முறையீடு, 30 நாள் கெடு, போடப்பட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான். குறைதீர் மன்றம் இதைத் தொடாது. சிவில் கோர்ட் முடியாது என்று 145-வது பிரிவே சொல்கிறது. நுகர்வோர் நீதிமன்றமும் முடியாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஏற்காட்டில் வீட்டுக் கட்டண இணைப்பில் அறைகளை வாடகைக்கு விடுபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது அந்தப் பிரிவின் சொற்களுக்குள்ளேயே வருகிறது. சீசன் தொடங்கும் முன் தாமாகப் போய் வீதப்பட்டி மாற்றிக் கேட்பது எந்த மேல்முறையீட்டையும்விட மலிவு. எஸ்டேட்டில் மரம் விழுந்து நாள்கணக்கில் லைன் சரி செய்யவில்லை என்பது வேறு கதை. அதற்குச் செயல்திறன் தரவிதிகளின்படி இழப்பீடு கேட்டு மன்றத்துக்குப் போகலாம். வோல்டேஜ் எகிறி வீட்டில் பிரிட்ஜ் போய்விட்டது என்றால் சேலத்து நுகர்வோர் நீதிமன்றமும் நல்ல வழி.

## யாருக்கு எது

தனிப் பட்டறை, தனி பில், கையில் காகிதம் இருக்கிறது என்றால் யோசிக்காமல் மன்றம். ஒரே மாதிரி நோட்டீஸ் தெருவில் பத்துப் பேருக்கு வந்திருந்தால் பத்துப் பேரும் தனித்தனியாக மன்றத்துக்குப் போங்கள், அதே சமயம் சங்கத்தின் பெயரில் ஆணையத்துக்கு விளக்கம் கேட்டு எழுதுங்கள், இரண்டும் முட்டிக்கொள்ளாது. கட்டண உத்தரவு வந்து 45 நாள் ஆகவில்லை, தவறு உத்தரவிலேயே இருக்கிறது, செலவைப் பகிர ஆள் இருக்கிறார்கள் என்றால் டெல்லி. விதியின் வாசகமே உங்களை அழுத்துகிறது, அல்லது நோட்டீஸ் இல்லாமலே கரண்டை எடுத்துவிட்டார்கள் என்றால் சென்னை.

வரிசையும் முக்கியம். கோர்ட்டில் நிலுவையில் இருக்கும் விஷயத்தை மன்றம் எடுக்காது. ரிட்டை முதலில் போட்டுவிட்டு மன்றத்தைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், ரிட் முடியும்வரை அந்த வாசல் அடைபட்டே இருக்கும். மன்றத்திலிருந்து குறைதீர்ப்பாளர், அங்கிருந்து உயர் நீதிமன்றம் என்று மேலே போகலாம்; 42-வது பிரிவு நுகர்வோரின் மற்ற உரிமைகளை அப்படியே விட்டிருக்கிறது. நோட்டீஸில் எந்தப் பிரிவு என்றே எழுதவில்லை என்றால், எந்தப் பிரிவின் கீழ் இந்தத் தொகை கேட்கிறீர்கள் என்று முதல் நாளே எழுதிக் கேளுங்கள். வழியைத் தேர்ந்தெடுப்பது அந்தப் பதில் வந்த பிறகுதான்.